மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாடு ஏன் படுத்துவிடுகிறது?

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவரைப் பிடிப்பது கஷ்டம். ஒரு ஊரில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஊரிலிருந்து போன் வந்துவிடும். எல்லோரும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான்: இரை எடுக்கவில்லை, அசை போடவில்லை, தண்ணியாகக் கழிகிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

நான்கு வீடு தள்ளி இருக்கும் அக்காவின் பசுவுக்கும் ஒரு வருடம் அப்படித்தான் ஆனது. நாளைக்கு 10 லிட்டர் கறக்கிற கலப்பினப் பசு. காலையில் போய்ப் பார்த்தால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

"என்னக்கா குடுத்தீங்க?"

"எப்பவும் குடுக்கறதுதான் தம்பி. பொங்கல் மட்டும் கொஞ்சம் சேர்த்து வெச்சேன். ஆசையாத் தின்னுச்சு."

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்டுக் கணக்குப் போட்டோம். வீட்டில் பொங்கியதில் மிச்சம், அக்கம்பக்கத்தினர் கொண்டுவந்து ஊட்டியது, முந்தின நாள் மீந்த சோறு எல்லாம் சேர்ந்து சுமார் ஆறு கிலோ அரிசி. அதற்கு மேல் வெல்லமும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

அரிசி மாட்டுக்கு விஷம் இல்லை. அந்தப் பசு தினமும் தின்கிற நான்கு கிலோ அடர்தீவனத்திலேயே மக்காச்சோளமும் தவிடும் இருக்கின்றன, அவற்றில் மாவுச்சத்தும் இருக்கிறது. அப்படியானால் ஒரே நாளில் என்ன கெட்டது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், தீவனத்தை முதலில் செரிப்பது மாடு அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாடு தின்பதை வேறு யாரோ செரிக்கிறார்கள்

மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறைதான் பெரியது. அசையூண் இரைப்பை என்று புத்தகத்தில் இருக்கும். டாக்டர்கள் ருமென் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வளர்ந்த மாட்டில் அது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய நீல டிரம்மின் பாதி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலின் இடது பக்கம் முழுக்க அதுதான்.

நம் வயிற்றில் அமிலமும் செரிமான நொதிகளும் சுரக்கின்றன. ருமென் சுவரில் அப்படி எதுவும் சுரப்பதில்லை. அது காற்றுப் புகாத, 39 டிகிரி வெப்பத்தில் எப்போதும் கதகதப்பாக இருக்கிற ஒரு புளிக்க வைக்கும் பானை. இட்லி மாவு புளிப்பதற்கும் அங்கே நடப்பதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை. நாம் மாவை ஒரு ராத்திரி வைக்கிறோம், மாட்டின் பானை பிறந்த சில வாரங்களில் வேலையைத் தொடங்கினால் சாகிற வரை நிற்பதில்லை.

புளிக்க வைக்கிற வேலையைச் செய்வது நுண்ணுயிர்கள். ருமென் நீர் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடிக்கும் மேல் பாக்டீரியா இருக்கும். அவற்றைவிட உருவத்தில் மிகப் பெரிய புரோட்டோசோவா லட்சக்கணக்கில் இருக்கும். கூடவே நார்த்தண்டுகளைத் துளைத்து உள்ளே வேர்விடுகிற பூஞ்சைகளும், மீத்தேன் வாயுவை உண்டாக்குகிற ஒரு தனிக் கூட்டமும் உண்டு. நல்ல மாட்டின் ருமென் நீரில் ஒரு சொட்டு எடுத்து, ஆறுவதற்குள் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். பெரியதும் சின்னதுமாக நீள்வட்ட உருவங்கள் மயிரிழைகளைத் துடுப்புபோல அடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடும். சந்தை நாள் பேருந்து நிலையம் மாதிரி இருக்கும். அவைதான் புரோட்டோசோவா.

வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸை உடைக்கத் தேவையான நொதி மாட்டிடம் இல்லை, நம்மிடமும் இல்லை. இந்த நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. அவை நாரைத் தின்று, கழிவாக மூன்று சின்ன அமிலங்களை வெளியே விடுகின்றன: அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக். அசெட்டிக் நமக்குத் தெரிந்ததுதான், வினிகரின் புளிப்பு அது. நுண்ணுயிருக்குக் கழிவு, மாட்டுக்கு அதுதான் சாப்பாடு. ருமென் சுவர் இந்த அமிலங்களை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கிறது. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த வழியில் வருகிறது. அசெட்டிக் பாலில் கொழுப்பாகிறது. புரோப்பியானிக் கல்லீரலுக்குப் போய்ச் சர்க்கரையாகி, பாலின் அளவைத் தீர்மானிக்கிறது.

அப்புறம் அந்த நுண்ணுயிர்கள் என்ன ஆகின்றன? தீவனத்தோடு சேர்ந்து அடுத்த அறைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டு, நான்காவது அறையில் இருக்கும் உண்மையான அமில வயிற்றில் செத்து, அவையே செரிக்கப்படுகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் இந்த நுண்ணுயிர்களின் உடம்பிலிருந்துதான் வருகிறது. வளர்த்து, வேலை வாங்கி, கடைசியில் தின்றும்விடுகிறது மாடு. பசுவைச் சைவம் என்று சொல்வது எவ்வளவு சரி என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எச்சில் செய்யும் வேலை

இவ்வளவு அமிலம் உண்டாகிற இடம் ஏன் புளித்துப் போவதில்லை? இரண்டு காரணம். ஒன்று, சுவர் அமிலத்தை உடனுக்குடன் உறிஞ்சிவிடுகிறது. இன்னொன்று எச்சில்.

மாடு அசை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கழுத்தில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறும். 40, 50 தடவை மெல்லும். விழுங்கும். சில வினாடி சும்மா இருக்கும். அடுத்த உருண்டை ஏறும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இப்படிப் போகிறது. நாரைப் பொடியாக்குவது இதன் ஒரு பயன். மெல்ல மெல்ல எச்சில் சுரப்பது இன்னொன்று. நன்றாகக் கறக்கிற பெரிய பசுவுக்கு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறும். அதில் சோடியம் பைகார்பனேட் இருக்கிறது, அதாவது நாம் ஆப்பத்துக்குப் போடுகிற அதே சோடா உப்பு. அது தொடர்ந்து உள்ளே இறங்கி, அமிலத்தைச் சமன்படுத்திக்கொண்டே இருக்கிறது.

இதனால்தான் ருமெனின் பிஎச் அளவு சாதாரணமாக 6க்கும் 7க்கும் நடுவில் நிற்கிறது. இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு: ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியதாக அர்த்தம். 6.5 என்பது 5.5 ஆனால் சின்ன மாற்றம்போலத் தெரியும், உள்ளே இருக்கிறவர்களுக்கு அது பிரளயம். நாரைச் செரிக்கிற பாக்டீரியா 6க்குக் கீழே போனாலே மந்தமாகிவிடும்.

வைக்கோல், சோளத்தட்டை, கோ-4 புல் எல்லாம் நின்று மெல்ல வேண்டியவை. மெல்லும்போதே எச்சிலும் வருகிறது. நார் மெதுவாகப் புளிப்பதால் அமிலமும் மெதுவாகத்தான் வருகிறது. சோற்றுக்கு மெல்லும் வேலையே இல்லை. விழுங்கினால் போதும். வெந்த அரிசியில் மாவுச்சத்து ஏற்கனவே உப்பி இளகி இருப்பதால், பச்சைத் தானியத்தைவிட வேகமாகப் புளிக்கும். அமிலம் கொட்டுகிறது, சோடா உப்பு வரத்து நின்றுபோகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

அன்று ராத்திரி உள்ளே நடந்தது

அக்காவின் பசு மத்தியானம் பொங்கலைத் தின்றது. ருமெனில் மாவுச்சத்தைத் தின்கிற பாக்டீரியாவும் எப்போதும் உண்டு. நார்த்தீவனம் அதிகமாகத் தின்கிற மாட்டில் அவை ஒரு ஓரமாக, குறைந்த எண்ணிக்கையில் இருக்கும். அவற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்று ஒன்று. உணவு தாராளமாகக் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக்கூடியது. இந்த வேகத்தில் ஒன்று, ஐந்து மணி நேரத்தில் 32,768 ஆகிவிடும். மத்தியானம் ஓரமாக இருந்தது, சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்குள் வீட்டையே பிடித்துக்கொள்கிறது.

சர்க்கரை ஏராளமாகக் கிடைக்கும்போது இந்தப் பாக்டீரியா வழக்கமான மூன்று அமிலங்களை விட்டுவிட்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. தயிரின் புளிப்பு அதுதான். மற்ற மூன்றையும்விட இது சுமார் பத்து மடங்கு வலுவான அமிலம், சுவர் இதை மெதுவாகத்தான் உறிஞ்சும்.

லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கிற பாக்டீரியாவும் ருமெனில் இருக்கிறது. மெகாஸ்பேரா எல்ஸ்டெனி என்பது அவற்றில் முக்கியமானது. தினமும் நிறையத் தானியம் தின்று பழகிய மாட்டில் இது போதுமான அளவு இருக்கும். ஒருவன் உண்டாக்க, இன்னொருவன் தின்ன, கணக்கு நேராகிவிடும். வைக்கோலும் புல்லும் தின்கிற மாட்டில் இதற்கு வேலையே இல்லாததால் மிகக் குறைவாகத்தான் இருக்கும். பெருகவும் நாட்கள் எடுக்கும். திடீர்த் தீவன மாற்றத்தின் மொத்தச் சிக்கலும் இந்த வேக வித்தியாசம்தான்: அமிலம் செய்கிறவன் சில மணி நேரத்தில் பெருகுகிறான், அமிலத்தைத் தீர்க்கிறவனுக்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும்.

ராத்திரி பிஎச் 5.5க்குக் கீழே இறங்குகிறது. நார்ப் பாக்டீரியா அடங்கிப்போகிறது. புரோட்டோசோவா சாகிறது. 5க்கும் கீழே போனதும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கே தாங்காது. அந்த இடத்தை லாக்டோபேசில்லஸ் பிடிக்கிறது, அது புளிப்பிலேயே குடியிருக்கப் பிறந்தது. அதுவும் லாக்டிக் அமிலத்தைத்தான் உண்டாக்குகிறது. ருமெனின் அசைவு நின்றுபோகிறது. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் தண்ணீர் விடுகிறதல்லவா, அதுபோல ருமெனில் கரைந்திருக்கும் அமிலமும் சர்க்கரையும் உடம்பிலிருக்கும் நீரை உள்ளே இழுக்கின்றன. வயிறு தளும்பும், உடம்பு வறண்டு போகும். கண் உள்ளே போகும். லாக்டிக் அமிலம் ரத்தத்தில் ஏறி, மாடு குடித்தவன்போலத் தள்ளாடும். முற்றிய நிலையில் படுத்துவிடும். ஓரிரு நாளில் செத்துப்போவதும் உண்டு.

கன்று ஈன்று சில நாளே ஆன பசு இப்படிப் படுத்தால், சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று நினைத்து அதற்கு மட்டும் மருந்து கேட்பார்கள். முந்தின நாள் என்ன தின்றது என்று டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் அதிகம்.

எப்படித் தெரிந்துகொள்வது, என்ன செய்வது

வெளியிலிருந்தே சில விஷயங்களைப் பார்க்கலாம். மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு குழி இருக்கும். அங்கே கைமுட்டியை நன்றாக அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். நல்ல மாட்டில் உள்ளிருந்து ஒரு அலை வந்து முட்டியை வெளியே தள்ளும். இரண்டு நிமிடத்தில் மூன்று தடவையாவது தள்ள வேண்டும். தொட்டால் பிசைந்த மாவு மாதிரி இருக்கும். அக்காவின் பசுவில் ஒரு அசைவும் இல்லை. குழியைக் குத்தினால் பாதி நிரம்பிய குடம்போலச் சளப்பென்று சத்தம். சாணம் கட்டியாக இல்லாமல், சாம்பல் பூத்த நிறத்தில், நுரையோடு, புளித்த கஞ்சி வாடையடித்தது.

டாக்டர் வந்து வாய் வழியாகக் குழாய் விட்டு ருமென் நீரை எடுத்தார். நல்ல நீர் பச்சையும் பழுப்புமாக இருக்கும். இது பால் கலந்த கழுநீர்போல இருந்தது. பிஎச் தாளில் நனைத்தார், 5க்கும் கீழே. அப்புறம் ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் நீரை ஊற்றி மெத்திலீன் நீலம் சில சொட்டு விட்டார். பாக்டீரியா சுறுசுறுப்பாக இருந்தால் நான்கைந்து நிமிடத்தில் நீலம் மறைந்துவிடுமாம். கால் மணி நேரம் கழித்தும் அது நீலமாகவே இருந்தது.

சிகிச்சையின் விவரம் டாக்டரின் வேலை, மருந்தளவு எல்லாம் நான் எழுதப் போவதில்லை. என்ன நோக்கம் என்பதை மட்டும் சொல்கிறேன். புளித்ததை முடிந்தவரை வெளியே எடுப்பது, அமிலத்தைச் சோடா உப்பால் தணிப்பது, ரத்தக் குழாய் வழியாக நீர் ஏற்றுவது. கடைசியில் ஒன்று செய்தார், அதுதான் எனக்குப் பிடித்தது. அதே தெருவில் நன்றாக இருந்த இன்னொரு பசுவின் ருமென் நீரைச் சில லிட்டர் எடுத்து, துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் இந்தப் பசுவுக்குள் விட்டார். தயிருக்கு உறை ஊற்றுவதுதான். செத்துப்போன கூட்டத்துக்குப் பதில் புதுக் கூட்டத்தைக் குடியேற்றுகிறார்கள்.

டாக்டர் வருவதற்குள் நாம் செய்யக்கூடியது குறைவு. மிச்சமிருக்கும் சோற்றையும் அடர்தீவனத்தையும் எடுத்துவிட்டு வைக்கோலை மட்டும் போடலாம். எழுந்து நிற்கிற மாடாக இருந்தால் மெதுவாக நடக்க வைக்கலாம். செய்யக்கூடாதது ஒன்று உண்டு: தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் கொட்டத்தில் எண்ணெயும் கஷாயமும் ஊற்றுவது. மழைக்குப் பின் இளம்பயறுச் செடி தின்று நுரை கட்டி வயிறு உப்பும் மாட்டுக்கு எண்ணெய் உதவும், அது வேறு நோய். இங்கே அமிலத்தை எண்ணெய் ஒன்றும் செய்யாது. தள்ளாடுகிற மாட்டுக்கு விழுங்கும் திறனும் குறைந்திருக்கும், ஊற்றியது நுரையீரலுக்குள் போனால் அதற்குத் தனியாக ஒரு நோய் வரும்.

இதெல்லாம் ஒரே நாளில் வெடிக்கிற கதை. சத்தமில்லாமல் நடக்கிற கதை ஒன்றும் உண்டு. கன்று ஈன்ற மறுநாளே பால் கூடட்டும் என்று அடர்தீவனத்தை 2 கிலோவிலிருந்து 6 கிலோவுக்குத் தூக்குவார்கள். மாடு படுக்காது. ருமென் பிஎச் தினமும் சில மணி நேரம் 5.5 பக்கம் இறங்கி ஏறும், அவ்வளவுதான். சாணம் இளகும், அதில் முழுத் தானியம் தெரியும். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்குக் குறைவாகத்தான் வாய் அசையும். சொசைட்டியில் பாலின் கொழுப்பு குறைந்து விலை குறையும். நார்ப் பாக்டீரியா ஒடுங்கினால் அசெட்டிக் குறையும், அதோடு கொழுப்பும் குறையும் என்பதை மேலே பார்த்தோமே, அதுதான்.

அப்படியானால் எவ்வளவு மெதுவாக மாற்றுவது? அடர்தீவனத்தைக் கூட்டுவதென்றால், இரண்டு மூன்று நாளுக்கு அரைக் கிலோ என்று ஏற்றினால், 2 கிலோ 6 ஆக மூன்று வாரம் ஆகும். பாக்டீரியாவுக்கு அந்த நேரம் போதும். ருமென் சுவருக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் வேண்டும்: அமிலத்தை உறிஞ்சுகிற சிறு விரல்போன்ற முனைகள் நீளமாக வளர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். இதற்காகத்தான் ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கொஞ்சம் அடர்தீவனம் வைக்கத் தொடங்கச் சொல்கிறார்கள். தீவன மூட்டையின் பிராண்ட் மாறினாலும், பழைய மூட்டை காலியாகும் முன்பே புதியதை வாங்கி, கால் பங்கு, அரைப் பங்கு என்று ஒரு பத்து நாள் கலந்து கொடுக்கலாம். வைக்கோலை முதலில் போட்டு, அடர்தீவனத்தை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரிப்பதும் நல்லது. பட்டினி கிடந்த மாட்டுக்குத் தானியம் வைப்பதுதான் ரொம்ப ஆபத்து, அவதி அவதியாக விழுங்கும்.

அக்காவின் பசு நான்காம் நாள் அசை போட்டது. பால் பழைய அளவுக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஜூன் மாதம் ஒரு நாள் லேசாக நொண்டுகிறது என்று கூப்பிட்டார். குளம்பைக் கழுவிப் பார்த்தால், நாலு கால் குளம்பிலும் குறுக்காக ஒரு பள்ளக் கோடு. அமிலம் ஏறியிருந்த நாட்களில் குளம்பின் வளர்ச்சி தடைபட்டதன் தடம் அது. குளம்பு மாதத்துக்குச் சுமார் அரை சென்டிமீட்டர் வளரும். ஸ்கேலை வைத்து மேல் விளிம்பிலிருந்து அளந்தேன், இரண்டரை சென்டிமீட்டர் இருந்தது. அக்கா விரல் விட்டு எண்ணினார். "ஜனவரி," என்றார்.